புரோஜெஸ்டிரோன் சோதனை: 21ஆம் நாள் யாருக்குச் சரி?

குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியர் மகப்பேறு மருத்துவரிடம் போனால், மனைவிக்கு எழுதித் தரப்படும் இரத்தப் பரிசோதனைகளில் புரோஜெஸ்டிரோனும் ஒன்று. அந்த மாதம் கருமுட்டை வெடித்து வெளியே வந்ததா என்பதை அறிவதற்கான சோதனை இது. மற்ற பல சோதனைகளை என்றைக்கு வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். இதற்கு நாள் குறிக்க வேண்டும். சீட்டில் பெரும்பாலும் '21ஆம் நாள்' என்று எழுதியிருக்கும். மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ணி 21ஆம் நாள் ஆய்வகத்துக்குப் போய் இரத்தம் கொடுக்க வேண்டும் என்பது அதன் பொருள்.

28 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்காகும் பெண்ணுக்கு அந்த நாள் மிகச் சரி. 35 நாளுக்கு ஒருமுறை ஆகிறவருக்கு அதே 21ஆம் நாளில் இரத்தம் எடுத்தால், நன்றாக வேலை செய்யும் சினைப்பைகூட முட்டையே வெளியிடாதது போலத் தெரியும். அறிக்கையைப் பார்த்து அந்தப் பெண் உடைந்து போவார். தேவையில்லாத மாத்திரைகள் தொடங்கப்படலாம். ஆய்வகக் கருவி சரியாகத்தான் அளந்திருக்கும், ஆனால் இரத்தம் எடுத்த நாள் தவறு.

இது ஏன் என்று புரிந்துகொள்ள, முட்டை வெளியேறிய பின் சினைப்பையில் நடப்பதைப் பார்க்க வேண்டும். முட்டையைத் தாங்கி வளர்ந்த சிறு நீர்ப்பை வெடித்ததும் முட்டை வெளியே போய்விடுகிறது. எஞ்சிய பையின் சுவர் சுருங்கி, கொழுப்பும் நிறமியும் சேர்ந்து, மஞ்சள் நிறத் திசுவாக மாறுகிறது. மஞ்சள் உடலம் என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான். அதன் முதன்மையான வேலை புரோஜெஸ்டிரோன் சுரப்பது. கருப்பையின் உட்சுவர் கருவை ஏற்கும்படி பக்குவப்படுவது அந்த ஹார்மோனால்தான்.

முட்டை வெளியேறும் முன் இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் மிகக் குறைவாகவே இருக்கும். மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராமைக்கூட பெரும்பாலும் எட்டாது. வெளியேறிய பிறகு நாளுக்கு நாள் ஏறி, ஏறத்தாழ ஏழாம் நாளில் உச்சத்தைத் தொடுகிறது. கரு தங்கவில்லை என்றால் மஞ்சள் உடலம் வாடத் தொடங்கும், ஹார்மோனும் இறங்கும். அது நன்றாக இறங்கியதும் கருப்பையின் உட்சுவர் உதிர்ந்து அடுத்த மாதவிலக்கு வருகிறது. ஆக, முட்டை வெளியேறியதற்கும் அடுத்த மாதவிலக்குக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ இரண்டு வாரத்தின் நட்டநடுவில் இரத்தம் எடுத்தால்தான் உச்சம் பிடிபடும்.

மாதவிலக்குச் சுழற்சி ஒருவருக்கு 26 நாளாகவும் இன்னொருவருக்கு 36 நாளாகவும் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் முதல் பாதி. முட்டை முதிர எடுத்துக்கொள்ளும் காலம் ஆளுக்கு ஆள் மாறுகிறது, ஒரே பெண்ணுக்கும் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. இரண்டாம் பாதி அவ்வளவாக நீள்வதில்லை, ஏனென்றால் மஞ்சள் உடலத்தின் ஆயுள் ஏறக்குறைய வரையறுக்கப்பட்டது.

இதை முதலில் தெளிவாகச் சொன்னவர்களில் ஒருவர் ஜப்பானின் நீகாட்டா நகரில் பணியாற்றிய மகப்பேறு மருத்துவர் கியூசாக்கு ஒகினோ. அறுவை சிகிச்சைக்காக வயிற்றைத் திறக்க வேண்டி வந்த பெண்களின் சினைப்பைகளை அவர் கவனமாகப் பார்த்தார். பை வெடித்திருக்கிறதா, மஞ்சள் உடலம் எந்த நிலையில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, அதை அந்தப் பெண்களின் மாதவிலக்குத் தேதிகளோடு ஒப்பிட்டார். முந்தைய மாதவிலக்கிலிருந்து எண்ணினால் எந்த ஒழுங்கும் தெரியவில்லை. அடுத்து வந்த மாதவிலக்கிலிருந்து பின்னோக்கி எண்ணியபோது ஒழுங்கு தெரிந்தது. அடுத்த மாதவிலக்குக்கு 12 முதல் 16 நாட்களுக்கு முன்பு முட்டை வெளியேறுகிறது என்று 1924இல் ஜப்பானிய மொழியில் எழுதினார். 1930இல் அது ஜெர்மன் மொழியிலும் வெளியானது. ஏறக்குறைய அதே காலத்தில் ஆஸ்திரியாவின் ஹெர்மன் க்னாஸும் தன் வழியில் இதை ஒட்டிய முடிவுக்கு வந்திருந்தார்.

ஹார்மோனை இரத்தத்தில் அளக்கும் வசதி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஒகினோ பின்னோக்கி எண்ணச் சொல்லிவிட்டார். இன்றைய சோதனைச் சீட்டில் '21' என்று முன்னோக்கி எண்ணும் பழக்கம் எப்படியோ நிலைத்துவிட்டது. 28 நாள் சுழற்சிக்கு முன்னோக்கி எண்ணினாலும் பின்னோக்கி எண்ணினாலும் அதே நாள்தான் வரும், அதனால் வேறுபாடு கண்ணில் படுவதில்லை. மற்றவர்களுக்குத்தான் சிக்கல். அந்த மற்றவர்கள் சிறுபான்மை என்று நினைத்துவிடவும் கூடாது. கைபேசிச் செயலியில் பதிவான 6 லட்சத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகளை வைத்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், சரியாக 28 நாளில் முடிந்தவை ஏழெட்டில் ஒன்றுதான்.

கணக்கு எளிது. வழக்கமான சுழற்சி எத்தனை நாளோ, அதிலிருந்து ஏழைக் கழிக்க வேண்டும். 28 என்றால் 21ஆம் நாள். 35 என்றால் 28ஆம் நாள். 24 என்றால் 17ஆம் நாள். எண்ணத் தொடங்க வேண்டியது இரத்தப்போக்கு நன்றாகத் தொடங்கிய நாளிலிருந்து. அதற்கு முந்தைய நாள் இலேசாகப் பட்ட கறையைச் சேர்க்க வேண்டாம். வீட்டு வழக்கப்படி தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணினால் மூன்று நான்கு நாள் தள்ளிப் போய்விடும். மருத்துவர் தேதி கேட்கும்போது இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

கணக்குக்காக ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வயது 29, திருமணமாகி ஒன்றரை ஆண்டு. மாதவிலக்கு ஏறத்தாழ 35 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக வருகிறது. இம்முறை ஜூன் 1ஆம் தேதி வந்தது. சீட்டில் உள்ளபடி ஜூன் 21 காலை இரத்தம் கொடுக்கிறார். மாலையில் அறிக்கை வருகிறது: புரோஜெஸ்டிரோன் 0.6. அறிக்கையில் உள்ள எல்லைகளோடு ஒப்பிட்டால், முட்டை வெளியேறாத நிலை. வீட்டில் எல்லோர் முகமும் வாடிப் போகிறது.

அடுத்த மாதவிலக்கு ஜூலை 6 அன்று வருகிறது. இப்போது பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். ஜூலை 6க்கு 14 நாள் முன்பு ஜூன் 22. முட்டை வெளியேறியது அதை ஒட்டிய நாளாக இருக்கலாம். அப்படியானால் ஜூன் 21 அன்று பை இன்னும் வெடிக்கவே இல்லை, மஞ்சள் உடலம் உருவாகவே இல்லை. 0.6 என்பது அந்த நாளுக்கு இயல்பான அளவு. அந்த அறிக்கையால் எதையும் முடிவு செய்ய முடியாது.

அடுத்த சுழற்சியில் 35இலிருந்து 7 கழித்து 28ஆம் நாளில், அதாவது ஆகஸ்ட் 2 அன்று சோதிக்கிறார்கள். அளவு 11.8. எட்டு நாள் கழித்து ஆகஸ்ட் 10 அன்று மாதவிலக்கு வருகிறது. சோதனை சரியான நாளில் விழுந்திருக்கிறது, முட்டையும் வெளியேறியிருக்கிறது. அதே உடல், அதே சினைப்பை. மருத்துவர் இனி கருக்குழாய் அடைப்பு, கணவரின் விந்தணு எண்ணிக்கை என்று வேறு பக்கம் தேடலாம்.

இந்த எடுத்துக்காட்டில் கவனிக்க வேண்டியது, இரத்தம் கொடுத்ததோடு சோதனை முடிந்துவிடவில்லை என்பது. அதன் பிறகு மாதவிலக்கு என்றைக்கு வந்தது என்பது தெரிந்தால்தான் அறிக்கையை முழுதாகப் படிக்க முடியும். சோதித்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் மாதவிலக்கு வந்தால் நாள் சரி. இரண்டு வாரம் கழித்து வந்தால் சோதனை முந்திவிட்டது. இரண்டு மூன்று நாளிலேயே வந்துவிட்டால் பிந்திவிட்டது. முந்தினாலோ பிந்தினாலோ, குறைவாக வந்த எண்ணுக்கு மதிப்பில்லை. அதனால் அறிக்கையின் மூலையிலேயே மூன்று தேதிகளைப் பேனாவால் குறித்து வைப்பது மிகவும் உதவும்: முந்தைய மாதவிலக்கு, இரத்தம் எடுத்த நாள், அடுத்து வந்த மாதவிலக்கு. மறுமுறை மருத்துவரைப் பார்க்கும்போது இந்த மூன்றும் இல்லாமல் அந்த எண்ணை மட்டும் காட்டுவதில் பயன் குறைவு.

பிந்திப் போவது குறுகிய சுழற்சிக்காரர்களுக்கு நேர்வது. 24 நாளுக்கு ஒருமுறை ஆகிறவருக்கு முட்டை பத்தாம் நாளை ஒட்டி வெளியேறும். 21ஆம் நாளில் மஞ்சள் உடலம் வாடத் தொடங்கியிருக்கும். அன்றைக்கு எடுத்தால் அளவு இறங்குமுகத்தில் இருக்கும். 'முட்டை வந்தது, ஆனால் ஹார்மோன் போதவில்லை' என்று தவறாகப் படிக்க இடமுண்டு. அவருக்கு 17ஆம் நாள்தான் உரியது.

ஒழுங்கே இல்லாமல் வருகிறவர்களுக்கு ஒரே நாள் குறிக்க முடியாது. நீர்க்கட்டி என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் பிசிஓஎஸ் உள்ள பலருக்கு ஒரு மாதம் 30 நாள், அடுத்து 38, அதற்கடுத்து 44 என்று போகும். இவர்களுக்கு வாரம் ஒருமுறை சோதிக்கும் வழி உண்டு. பிரிட்டனின் 'நைஸ்' மருத்துவ வழிகாட்டுதலும் நீண்ட, ஒழுங்கற்ற சுழற்சிக்கு இதையே சொல்கிறது: பிந்திய ஒரு நாளில் தொடங்கி, மாதவிலக்கு வரும்வரை வாரந்தோறும். மேலே சொன்ன பெண்ணுக்கு மிகக் குறுகிய சுழற்சியான 30இலிருந்து 7 கழித்து 23ஆம் நாள் தொடங்கலாம். 23ஆம் நாள் 0.5, 30ஆம் நாள் 0.8, 37ஆம் நாள் 9.4 என்று வந்து, 44ஆம் நாள் மாதவிலக்கானால் விடை கிடைத்துவிட்டது. முதல் சோதனையோடு நிறுத்தியிருந்தால் அந்த மாதம் முட்டையே வரவில்லை என்று எழுதியிருப்பார்கள்.

மூன்று முறை ஊசி குத்திக்கொள்வதும் அதற்கான செலவும் எல்லோருக்கும் எளிதல்ல. அதற்கு மாற்றாக, முட்டை வெளியேறும் நாளை வேறு வழியில் அறிந்து அதிலிருந்து ஏழு நாள் எண்ணலாம். மருந்துக் கடையில் கிடைக்கும் சிறுநீர்ப் பட்டை, எல்எச் ஹார்மோன் திடீரென உயர்வதைக் காட்டும். அந்த உயர்வுக்கு ஓரிரு நாளில் முட்டை வெளியேறும். ஆனால் பிசிஓஎஸ் உள்ள சிலருக்கு எல்எச் எப்போதுமே கூடுதலாக இருப்பதால் பட்டை பொய்யாகக் கோடு காட்டிவிடும். ஃபாலிகுலர் ஸ்டடி என்ற தொடர் ஸ்கேன் அதைவிட நம்பகமானது. பை பெரிதாகிக்கொண்டே வந்து பிறகு சுருங்கியதை அது காட்டும். அந்த ஸ்கேன் எடுத்தவர்களுக்கு நாள்காட்டிக் கணக்கே வேண்டாம், வெடித்த நாளிலிருந்து ஏழாம் நாள் போதும்.

இனி எண்ணைப் பற்றி. மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெளியேறியது என்று எடுத்துக்கொள்வது அமெரிக்க மருத்துவர்களிடையே பரவலாக உள்ள வழக்கம். பிரிட்டனில் பலர் 30 என்ற எல்லையைப் பயன்படுத்துவார்கள். இதைப் பார்த்து இந்தியப் பெண்கள் பதறுவதுண்டு, 'எனக்கு 12தானே வந்திருக்கிறது' என்று. அலகு வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் நானோமோல் கணக்கு, அறிக்கையில் nmol/L என்று இருக்கும். இந்திய ஆய்வகங்களில் பெரும்பாலும் நானோகிராம் கணக்கு, ng/mL என்று அச்சாகும். நானோகிராமை 3.18ஆல் பெருக்கினால் நானோமோல். 12 நானோகிராம் என்பது 38 நானோமோல், பிரிட்டன் எல்லையையும் தாண்டிய அளவு. இணையத்தில் படித்த எண்ணோடு தன் எண்ணை ஒப்பிடும் முன் இந்தச் சிறு எழுத்துகளைப் பார்த்துவிட்டால் பல இரவுகளின் கவலை மிச்சமாகும்.

எண்ணின் பெரிய குறை வேறொன்று. மஞ்சள் உடலம் புரோஜெஸ்டிரோனைச் சீராகச் சுரப்பதில்லை. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்எச்சைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை விட்டுவிட்டு அனுப்புகிறது. ஒவ்வொரு முறையும் புரோஜெஸ்டிரோன் எழும்பி, பிறகு தணிகிறது. 1984இல் வெளியான ஃபிலிகோரி குழுவின் ஆய்வில், நல்ல உடல்நலமுள்ள பெண்களிடம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 24 மணி நேரம் இரத்தம் எடுத்து அளந்தார்கள். ஒரு நாளுக்குள்ளேயே அளவு 2.3 வரை இறங்கியது, 40.1 வரை ஏறியது. காலை பத்து மணிக்குக் கொடுத்தவருக்கு 5 என்றும், அதே நாள் பகலில் கொடுத்திருந்தால் 15 என்றும் வந்திருக்கலாம்.

ஆகவே 3ஐத் தாண்டிய எண், ஆம் என்ற விடையைத் தருகிறது. எவ்வளவு தாண்டியது என்பதை மதிப்பெண் போல எடுத்துக்கொள்ளக் கூடாது. தோழிக்கு 18 வந்ததே, எனக்கு 7தானே என்று வருந்துவதற்கு அந்த எண்ணில் அடிப்படை இல்லை. மஞ்சள் உடலம் பலவீனமாக இருக்கிறது என்று ஒற்றை அளவை வைத்து நோய்ப்பெயர் சூட்டுவதும் இதனால்தான் ஏற்கப்படுவதில்லை. சரியான நாளில் எடுத்தும் எல்லைக்குக் கொஞ்சம் கீழே, 2.5 போல வந்தால், எழும்பலுக்கும் தணிவுக்கும் இடைப்பட்ட நேரத்தில் ஊசி விழுந்திருக்கலாம். அடுத்த சுழற்சியில் மறுபடி பார்ப்பதே முறை.

சில மருந்துகளும் எண்ணைக் குழப்பும். இயற்கைப் புரோஜெஸ்டிரோனை மாத்திரையாகவோ ஊசியாகவோ பிறப்புறுப்பில் வைக்கும் குளிகையாகவோ எடுத்துக்கொண்டிருந்தால், ஆய்வகம் அளப்பதில் அதுவும் சேர்ந்துவிடும். சினைப்பை சுரந்ததை அதிலிருந்து பிரித்தறிய முடியாது. டைட்ரோஜெஸ்டிரோன் மாத்திரை வேறு மூலக்கூறு என்பதால் இப்படி எண்ணை உயர்த்துவதில்லை. முடி உதிராமல் இருக்கப் பலர் சாப்பிடும் பயோட்டின் கூடுதல் அளவில் இருந்தால், சில ஆய்வகக் கருவிகளில் புரோஜெஸ்டிரோன் உண்மையைவிட அதிகமாகக் காட்டக்கூடும். மாத்திரை எதுவாக இருந்தாலும் இரத்தம் எடுக்கும் முன் சொல்லிவிட வேண்டும். வெறும் வயிற்றோடு போக வேண்டிய கட்டாயம் இந்தச் சோதனைக்கு இல்லை.

அரிதாக இன்னொன்றும் நடக்கும். பை வெடிக்காமலேயே, முட்டை உள்ளே சிக்கியபடி, அதன் சுவர் மஞ்சள் உடலமாக மாறிப் புரோஜெஸ்டிரோன் சுரக்கும். இரத்தச் சோதனை முட்டை வந்ததாகச் சொல்லும், உண்மையில் வந்திருக்காது. இதைக் கண்டுபிடிக்கத் தொடர் ஸ்கேன்தான் வேண்டும். முட்டை வெளியேறுவதை இந்தச் சோதனை நேரடியாகப் பார்ப்பதில்லை, வெளியேறிய பின் நிகழும் மாற்றத்தைத்தான் அளக்கிறது.

நாள் தவறுவதால் வரும் கேடு சிகிச்சை தொடங்கிய பிறகும் தொடரும். முட்டை வளர்வதற்காக லெட்ரோசோல் மாத்திரையை மாதவிலக்கின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளிலிருந்து ஐந்து நாள் கொடுப்பது வழக்கம். மாத்திரை எடுத்தும் சிலருக்கு முட்டை 18, 20ஆம் நாளில்தான் வெளியேறும். 21ஆம் நாள் அளவு குறைவாக இருக்கிறதே என்று அடுத்த மாதம் மாத்திரையின் அளவைக் கூட்டினால், ஏற்கெனவே பயன் தந்துகொண்டிருந்த மருந்தைப் பயனற்றது என்று ஒதுக்கியதாகிவிடும். அந்த அளவைக் கூட்டும் முன், சோதனைக்கு எத்தனை நாள் கழித்து மாதவிலக்கு வந்தது என்று பார்த்துவிட வேண்டும்.

இரண்டு மூன்று சுழற்சிகளில் நாளைச் சரியாகக் கணக்கிட்டு எடுத்தும் அளவு ஒன்றுக்கும் கீழேயே நின்றால் அப்போது அந்த எண்ணை நம்பலாம். முட்டை வெளியேறவில்லை. தைராய்டு, புரோலாக்டின், எஃப்எஸ்எச், எல்எச் அளவுகளை மருத்துவர் கேட்பார், சினைப்பைகளை ஸ்கேனில் பார்ப்பார். மாதாமாதம் தவறாமல் இரத்தப்போக்கு வருகிறவர்களில்கூட சிலருக்கு இப்படி இருப்பதுண்டு. 'எனக்குத்தான் ஒழுங்காக வருகிறதே' என்று சொல்லும் பெண்ணுக்கும் இந்தச் சோதனையை எழுதித் தருவது அதனால்தான்.